இரண்டு ஊற்றுகள், ஒரு சந்தை: கூர்னோ சமநிலையைக் கணக்கிடுவது எப்படி

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கனிமநீர் ஊற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர். இரண்டிலும் வரும் தண்ணீரின் தரத்தில் கடுகளவும் வித்தியாசம் இல்லை. இருவரும் ஒரே ஊர்ச் சந்தைக்குத்தான் தண்ணீர் அனுப்புகிறார்கள். வாங்குபவருக்கு எந்த ஊற்றுத் தண்ணீர் என்பது ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் தானாக ஊறி வருவதால் எடுப்பதற்குச் செலவும் இல்லை. இந்த நிலையில் ஒவ்வொருவரும் எவ்வளவு தண்ணீரைச் சந்தைக்கு அனுப்புவார்கள்?

அன்டுவான் ஓகுஸ்தின் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் 1838-இல் வெளியிட்ட நூலில் எழுப்பிய கேள்வி இது. விற்பவர்கள் இருவர் மட்டுமே உள்ள சந்தையை இருவர் முற்றுரிமை என்கிறோம். அதில் விலையை யாரும் நேரடியாக நிர்ணயிப்பதில்லை, அளவை மட்டுமே தீர்மானிக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால் கிடைப்பதுதான் கூர்னோவின் மாதிரி. இருவர் அனுப்பியதும் சந்தையில் ஒன்று சேரும். அந்த மொத்த அளவு விற்றுத் தீரும் விலை எதுவோ அதுவே அன்றைய விலை.

இந்தக் கணக்கைப் பல மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். இதில் வரும் இயற்கணிதம் ஒன்பதாம் வகுப்பு அளவுதான். தவறு நேர்வது வேறு இடத்தில்: எதை எப்போது மாறாததாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், எதை எப்போது பிரதியிட வேண்டும் என்ற வரிசையில். ஆகவே அந்த வரிசையைத்தான் இங்கே நிதானமாகப் பார்க்கப் போகிறோம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கொண்டவை. ஊற்றுகள் கூர்னோவினுடையவை.

விலை எங்கிருந்து வருகிறது

விலையைச் சாந்தீமில் அளப்போம். ஒரு பிராங்குக்கு 100 சாந்தீம். ஒரு நாளில் சந்தைக்கு வரும் மொத்த பாட்டில்கள் Q. அப்போது ஒரு பாட்டிலின் விலை:

P = 120 − Q

சந்தைக்கு 20 பாட்டில்கள் வந்தால் விலை 100. 100 பாட்டில்கள் வந்தால் விலை 20. 120 பாட்டில்கள் வந்து குவிந்தால் இலவசமாகக் கொடுத்தால்தான் எல்லாம் போகும். ஒவ்வொரு பாட்டில் கூடும்போதும் எல்லா பாட்டில்களின் விலையும் ஒரு சாந்தீம் இறங்குகிறது. "எல்லா" என்ற சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள், கணக்கு முழுவதும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

முதல் ஊற்றுக்காரர் அனுப்புவது q1, இரண்டாமவர் அனுப்புவது q2. எனவே Q = q1 + q2.

முதலில் ஒருவர் மட்டும்

இரண்டாவது ஊற்று இன்னும் தோண்டப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்குச் செலவு இல்லாததால் வருவாயே இலாபம். அவர் q1 பாட்டில்களை அனுப்பினால் கிடைப்பது:

q1 × (120 − q1)

இதை எப்போது மிக அதிகமாக்கலாம்? இங்கே பெருக்கப்படும் இரண்டு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 120. கூட்டுத்தொகை மாறாத இரண்டு எண்களின் பெருக்கற்பலன், இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் மிகப் பெரியதாக இருக்கும். ஒரே சுற்றளவுள்ள செவ்வகங்களில் சதுரத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்று பள்ளியில் படித்ததும் இதே விஷயம்தான். ஆக q1 = 60, விலை 60, இலாபம் 60 × 60 = 3600 சாந்தீம்.

வகை நுண்கணிதம் தெரியாதவர்களும் இந்தச் சதுர விதியை வைத்தே கட்டுரையின் பெரும்பகுதியைக் கடந்துவிடலாம். q × (A − q) என்ற வடிவில் எது வந்தாலும், அது மிக அதிகமாகும் இடம் q = A/2. இதை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாமவர் வந்த பிறகு

சரி, இப்போது இரண்டாவது ஊற்று திறக்கிறது. முதலாமவரின் பக்கத்தில் நின்று பார்ப்போம். இரண்டாமவர் எவ்வளவு அனுப்பப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் நேரடியான விடை அவரிடம் இல்லை. ஆனால் நிபந்தனையுள்ள விடை ஒன்றை அவரால் தயாராக வைத்துக்கொள்ள முடியும்: "இரண்டாமவர் இவ்வளவு அனுப்பினால், எனக்கு நல்லது இவ்வளவு."

உதாரணமாக, இரண்டாமவர் 20 பாட்டில்களை அனுப்புகிறார் என்று கொள்வோம். அப்போது முதலாமவர் காணும் விலை 120 − 20 − q1, அதாவது 100 − q1. அவரைப் பொறுத்தவரை சந்தை 120-லிருந்து 100-ஆகச் சுருங்கிவிட்டது. அந்தச் சுருங்கிய சந்தையில் அவர் மட்டுமே நிற்பதுபோல. சதுர விதிப்படி அவருக்குச் சிறந்தது 50. இரண்டாமவர் 50 அனுப்பினால் மீதி 70, அதில் பாதி 35. இரண்டாமவர் 120-ஐயும் அனுப்பிச் சந்தையை நிரப்பிவிட்டால் மீதி ஒன்றுமில்லை, அவருக்குச் சிறந்தது பூஜ்யம்.

இந்த எல்லா "இருந்தால்" விடைகளையும் ஒரே வரியில் எழுதினால்:

q1 = (120 − q2) / 2 = 60 − q2/2

இதுதான் முதலாமவரின் எதிர்வினைச் சார்பு. எதிராளியின் ஒவ்வொரு அளவுக்கும் தனக்கு மிகுந்த இலாபம் தரும் அளவு எது என்று சொல்லும் பட்டியல் இது. "எதிர்வினை" என்ற பெயர் கொஞ்சம் குழப்பும். எதிராளி செய்து முடித்ததைப் பார்த்த பிறகு இவர் பதில் செய்கிறார் என்று தோன்றும். அப்படி இல்லை. இருவரும் ஒரே நேரத்தில், மற்றவரைப் பார்க்காமல் முடிவெடுக்கிறார்கள். இது மனத்துக்குள் போடும் கணக்கு மட்டும்தான்.

எதிராளி 2 பாட்டில்களைக் கூட்டினால் இவர் ஏன் 1 பாட்டிலை மட்டும் குறைக்கிறார்? எதிராளி கூட்டிய 2 பாட்டில்களால் விலை 2 சாந்தீம் இறங்குகிறது. இவர் 2 பாட்டில்களையும் குறைத்தால் விலை பழைய இடத்துக்கே ஏறிவிடும், ஆனால் அந்த விலையில் விற்கும் அளவு இவருக்குக் குறைந்துவிடும். ஒன்றும் குறைக்காவிட்டால் விலையிழப்பு முழுவதும் இவருடைய பாட்டில்கள் அத்தனையின் மீதும் விழும். பாதி அளவில், பாதி விலையில் என்று பிரித்து ஏற்றுக்கொள்வதுதான் குறைந்த சேதம். சதுர விதியில் மீதிச் சந்தை 2 சுருங்கினால் சதுரத்தின் பக்கம் 1 சுருங்குவதும் இதனால்தான்.

அதையே வகையிட்டுப் பெறுவது

தேர்வில் இதை வகைக்கெழுவின் மூலம் காட்டச் சொல்வார்கள். முதலாமவரின் இலாபம்:

q1 × (120 − q1 − q2) = 120·q1 − q1² − q1·q2

இதை q1-ஐப் பொறுத்து மட்டும் வகையிட வேண்டும், q2-ஐ ஒரு சாதாரண எண்போலப் பிடித்துக்கொண்டு. கிடைப்பது 120 − 2·q1 − q2. இதைப் பூஜ்யத்துக்குச் சமமாக்கினால் q1 = 60 − q2/2. அதே வரி.

கடைசி உறுப்பான q1·q2-வில்தான் கை தடுமாறும். "q2 மாறிலி, எனவே போய்விடும்" என்று அதை அடித்துவிடுபவர்கள் உண்டு. q2 மாறிலிதான், ஆனால் அது q1-ஐப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது. 5·q1-ஐ வகையிட்டால் 5 வருவதுபோல இங்கே q2 வரும். அதை அடித்துவிட்டால் q1 = 60 என்று வரும், எதிராளியின் அளவு விடையிலேயே இருக்காது. எதிர்வினைச் சார்பில் எதிராளியைக் காணவில்லை என்றால் இந்த இடத்தில்தான் பிழை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

வகைக்கெழு வரியின் பொருளையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதை 120 − q1 − q2 = q1 என்று மாற்றி எழுதுங்கள். இடப்பக்கம் இருப்பது விலை. அதாவது, P = q1. இன்னும் ஒரு பாட்டிலை அனுப்பினால் முதலாமவருக்கு ஏறக்குறைய P கிடைக்கிறது. ஆனால் ஏற்கெனவே அனுப்பும் q1 பாட்டில்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சாந்தீம் போகிறது, மொத்தம் q1 சாந்தீம். வரவும் இழப்பும் சமமாகும் இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். எதிராளியின் பாட்டில்களிலும் அதே ஒரு சாந்தீம் போகிறதுதான். அது இவர் பையிலிருந்து போவதில்லை என்பதால் இவர் கணக்கில் ஏறுவதில்லை. இதைப் பின்னால் திரும்ப எடுப்போம்.

இரண்டு "இருந்தால்"களும் சேரும் இடம்

இரண்டாமவருக்கும் இதே நிலைமை. பெயரை மட்டும் மாற்றினால் போதும்:

q1 = 60 − q2/2
q2 = 60 − q1/2

முதல் வரி ஒரு நிபந்தனை விடை, இரண்டாவது வரி இன்னொரு நிபந்தனை விடை. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாகும் ஒரு ஜோடி எண்களைத் தேடுகிறோம். அந்த ஜோடியில் முதலாமவர் எதை எதிர்பார்த்து முடிவெடுத்தாரோ அதைத்தான் இரண்டாமவர் செய்திருப்பார். இரண்டாமவர் எதிர்பார்த்ததைத்தான் முதலாமவர் செய்திருப்பார். இருவருக்கும் மாற்றிக்கொள்ளக் காரணம் இருக்காது. அதுதான் சமநிலை.

இரண்டாவது வரியை முதலாவதில் பிரதியிடுவோம்:

q1 = 60 − (60 − q1/2)/2
q1 = 60 − 30 + q1/4
(3/4)·q1 = 30
q1 = 40

அப்படியானால் q2 = 60 − 20 = 40. மொத்தம் 80, விலை 40, ஒவ்வொருவருக்கும் இலாபம் 1600.

சரிபார்க்காமல் விடாதீர்கள், அரை நிமிடம் போதும். இரண்டாமவரை 40-இல் அசையாமல் நிறுத்துங்கள். முதலாமவர் 41 அனுப்பினால் விலை 39; 41 × 39 = 1599. அவர் 39 அனுப்பினால் விலை 41, அப்போதும் 1599. எந்தப் பக்கம் நகர்ந்தாலும் ஒரு சாந்தீமாவது குறைகிறது. P = q1 என்ற விதியும் பொருந்துகிறது: விலை 40, அளவு 40.

கூர்னோ இந்தப் புள்ளியை விளக்க ஒரு படிப்படியான நகர்வைப் பயன்படுத்தினார். முதலாமவர் தனியாக இருந்தபோது 60. இரண்டாமவர் வந்து அதைப் பார்த்து 30 அனுப்புகிறார். 30-ஐப் பார்த்த முதலாமவர் 45-க்கு இறங்குகிறார். அதற்கு இரண்டாமவர் 37.5. அப்புறம் 41.25, அப்புறம் 39.375. இடைவெளி ஒவ்வொரு படியிலும் பாதியாகிக் கொண்டே வந்து 40-இல் போய் அடைகிறது. வரைந்தால் ஏணிப்படிபோல இருக்கும், பார்க்க அழகான படம். ஆனால் இந்த ஏணியையே மாதிரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு படியிலும் "எதிராளி இனி மாற மாட்டார்" என்று நம்பி ஒருவர் முடிவெடுக்கிறார், அடுத்த படியிலேயே அந்த நம்பிக்கை பொய்யாகிறது. பிற்காலத்தில் இந்தக் குறையைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். 40, 40 என்ற ஜோடிக்கு ஏணி தேவையே இல்லை. யாருடைய எதிர்பார்ப்பும் பொய்யாகாத ஒரே ஜோடி அது என்பதே போதும். 1950-இல் ஜான் நாஷ் பொதுவாக வரையறுத்த சமநிலை இதே கருத்துதான். அதனால் இதைக் கூர்னோ-நாஷ் சமநிலை என்றும் சொல்வார்கள்.

வரைபடத்தில் ஒரு பொறி

கிடை அச்சில் q1, நெடு அச்சில் q2 என்று எடுத்துக்கொண்டால், முதலாமவரின் கோடு கிடை அச்சை 60-இல் தொடும், நெடு அச்சை 120-இல் தொடும். ஏனென்றால் எதிராளி 120 அனுப்பினால்தான் இவர் பூஜ்யத்துக்குப் போகிறார். இரண்டாமவரின் கோடு நெடு அச்சை 60-இலும் கிடை அச்சை 120-இலும் தொடும். முதல் கோடு செங்குத்தாக இறங்கும், இரண்டாவது படுத்த மாதிரி இறங்கும். இரண்டும் (40, 40)-இல் வெட்டிக்கொள்ளும்.

q1 = 60 − q2/2 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 60-ஐ நெடு அச்சிலும் சரிவை −1/2 என்றும் குறித்துவிடுவது எளிதில் நடக்கும் பிழை. இந்தச் சமன்பாட்டில் தனியாக நிற்பது கிடை அச்சு மாறி. நெடு அச்சின் பக்கமிருந்து பார்த்தால் சரிவு −2. தவறாக வரைந்தீர்களா என்று கண்டுபிடிப்பது சுலபம்: இரண்டு கோடுகளும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும், வெட்டும் புள்ளியே கிடைக்காது.

சீக்கிரமே சமமாக்கினால் என்ன ஆகும்

இப்போது நான் ஆரம்பத்தில் சொன்ன வரிசைக்கு வருவோம். இரண்டு ஊற்றுகளும் எல்லா விதத்திலும் ஒன்றுபோல இருப்பதால், விடையில் q1 = q2 என்று வரும் என்பது முன்கூட்டியே தெரியும். அப்படியென்றால் முதலிலேயே இரண்டையும் q என்று எழுதிவிட்டால் என்ன? வேலை மிச்சமாகும்போலத் தெரிகிறது.

இலாபம் q × (120 − 2q). வகையிட்டால் 120 − 4q = 0. q = 30.

40 வரவில்லை. இயற்கணிதத்தில் எந்தத் தப்பும் இல்லை, ஆனாலும் விடை வேறு. நான் மாணவனாக இருந்தபோது இந்த இடத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறேன். இந்த 30 எங்கிருந்து வந்தது என்று புரிந்த பிறகுதான் மாதிரியே புரிந்தது.

வகையிடுவதற்கு முன்பே q1 = q2 என்று எழுதுவது, "நான் ஒரு பாட்டிலைக் கூட்டினால் எதிராளியும் அதே நொடியில் ஒரு பாட்டிலைக் கூட்டுவார், நான் குறைத்தால் அவரும் குறைப்பார்" என்று சொல்வதற்குச் சமம். இருவரும் கயிற்றால் கட்டப்பட்டவர்கள்போல நகர்கிறார்கள். அது இரண்டு தனி முதலாளிகளின் கதை அல்ல, உள்ளுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே ஆள்போல நடக்கும் கூட்டணியின் கதை. பாருங்கள், 30 + 30 = 60, தனி ஒருவர் இருந்தபோது வந்த அதே மொத்த அளவு. விலை 60, ஆளுக்கு இலாபம் 1800.

1800 என்பது 1600-ஐவிட அதிகம்தானே, பிறகு ஏன் அவர்கள் 30-இல் நிற்பதில்லை? எதிர்வினைச் சார்பையே கேளுங்கள். எதிராளி 30 அனுப்புகிறார் என்றால் எனக்குச் சிறந்தது 60 − 15 = 45. மொத்தம் 75, விலை 45, எனக்கு 45 × 45 = 2025. பேச்சைக் காப்பாற்றிய எதிராளிக்கு 30 × 45 = 1350. நான் கூட்டிய 15 பாட்டில்களால் விலை 15 சாந்தீம் இறங்கியது. அந்த இறக்கத்தின் ஒரு பகுதி எதிராளியின் 30 பாட்டில்கள் மேல் விழுந்தது, என் கணக்கில் வரவில்லை. முன்பு P = q1 விதியில் பார்த்ததும் இதையேதான். இருவருக்கும் இந்த ஆசை ஒன்றுபோல இருப்பதால் (30, 30) தானாக நிற்காது. அதை நிற்க வைக்க வேறு ஏதாவது வேண்டும்: மீறினால் நாளை பதிலடி கிடைக்கும் என்ற பயமோ, ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் ஏற்பாடோ. ஒரே ஒரு நாள் நடக்கும் கூர்னோ மாதிரியில் அதற்கு இடமில்லை.

ஆகவே வரிசை இதுதான். முதலில் எதிராளியை அசையாமல் நிறுத்தி வகையிட வேண்டும். வகையிட்டுச் சமன்பாடு கிடைத்த பிறகு q1 = q2 என்று போட்டுக்கொள்வதில் தவறில்லை; 120 − 2q − q = 0 என்று ஒரே வரியில் q = 40 வந்துவிடும்.

செலவு வேறுபட்டால்

ஒன்றுபோல இல்லாதவர்களை வைத்துப் பார்த்தால்தான் எதிர்வினைச் சார்பின் பயன் தெரியும், ஏனென்றால் அங்கே சமமாக்கும் குறுக்கு வழி உதவாது. இரண்டாமவரின் ஊற்று மலை மேலே இருக்கிறது, ஒவ்வொரு பாட்டிலையும் சந்தைக்குக் கொண்டுவர 30 சாந்தீம் வண்டிக்கூலி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாமவருக்கு இன்னும் செலவு இல்லை.

இரண்டாமவரின் இலாபம் q2 × (120 − q1 − q2 − 30), அதாவது q2 × (90 − q1 − q2). சதுர விதிப்படி:

q2 = 45 − q1/2

முதலாமவரின் வரி மாறவில்லை: q1 = 60 − q2/2. எதிராளியின் செலவு இவருடைய இலாபத்தில் எங்கும் நேரடியாக வராததால், இவருடைய எதிர்வினைச் சார்பு அப்படியே இருக்கும். இதை மறந்துவிட்டு இரண்டு வரிகளையும் மாற்றுபவர்கள் அதிகம். தீர்ப்போம்:

q1 = 60 − 22.5 + q1/4
(3/4)·q1 = 37.5
q1 = 50, q2 = 45 − 25 = 20

மொத்தம் 70, விலை 50. முதலாமவருக்கு 50 × 50 = 2500. இரண்டாமவருக்கு ஒரு பாட்டிலில் 20 மிச்சம், 20 பாட்டில்கள், ஆக 400. சரிபார்க்கும் விதி இப்போது "விலை கழித்தல் என் செலவு = என் அளவு" என்று மாறுகிறது: 50 − 0 = 50, 50 − 30 = 20. பொருந்துகிறது. P = 120 − Q என்ற தேவைக் கோட்டில் ஒரு பாட்டிலுக்கு ஒரு சாந்தீம் என்று சரிவு 1 ஆக இருப்பதால்தான் விதி இவ்வளவு எளிதாக இருக்கிறது. சரிவு 2 என்றால் வலப்பக்கம் அளவை 2-ஆல் பெருக்க வேண்டும்.

இந்த எண்களில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், முதலாமவர் ஏன் 40-லிருந்து 50-க்கு ஏறினார் என்பது. அவருடைய செலவு மாறவில்லை, கோடும் மாறவில்லை. எதிராளி 40-லிருந்து 20-க்குச் சுருங்குவார் என்று அவருக்குத் தெரிவதால், தன் பழைய கோட்டின் மேலேயே வேறு புள்ளிக்கு நகர்கிறார். எதிராளி விட்ட 20 பாட்டில் இடத்தில் பாதியை இவர் நிரப்புகிறார். வரைபடத்தில் இரண்டாமவரின் கோடு மட்டும் கீழே இறங்கி, வெட்டும் புள்ளி முதலாமவரின் கோட்டின் வழியாகச் சறுக்கி வருவதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, செலவு கூடியவர் சந்தையை விட்டு வெளியேறவில்லை. எவ்வளவு செலவு வந்தால் வெளியேறுவார்? 60 என்று போட்டுப் பாருங்கள். q2 = 30 − q1/2, q1 = 60 − q2/2. தீர்த்தால் q1 = 60, q2 = 0. முதலாமவர் தனியாக இருந்தால் வைக்கும் விலை 60. அந்த விலையிலும் தன் செலவு மட்டுமே தேறும் என்றால் இரண்டாமவருக்கு வேலை இல்லை.

80 என்று போட்டால் சமன்பாடுகள் q1 = 66.67 என்றும் q2 = −13.33 என்றும் ஏறக்குறைய ஒரு விடை தரும். தண்ணீரை எதிர்மறை அளவில் அனுப்ப முடியாது. இப்படிக் குறை எண் வந்தால் அந்த q2-ஐப் பூஜ்யமாக்கி, முதலாமவரின் அளவைத் திரும்பக் கணக்கிட வேண்டும்: q1 = 60. 66.67-ஐ அப்படியே விட்டுவிட்டு q2-ஐ மட்டும் பூஜ்யமாக்குவதும் தவறுதான். இல்லாத ஒருவரின் இல்லாத பாட்டில்களுக்குப் பதிலாக முதலாமவர் கூட்டிய அளவு அது.

விலையை வைத்துப் போட்டியிட்டால்

1883-இல், கூர்னோ இறந்து ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஜோசப் பெர்த்ரான் என்ற மற்றொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் இந்த நூலுக்கு ஒரு விமர்சனம் எழுதினார். ஊற்றுக்காரர்கள் அளவை ஏன் தீர்மானிக்க வேண்டும், விலையைக் குறைத்து எதிராளியின் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் இழுத்துக்கொள்ளலாமே என்பது அவர் வாதம். ஒரே தரம், ஒரே செலவு, வேண்டிய அளவு தண்ணீர் இருந்தால் அந்தப் போட்டி விலையைச் செலவு வரை இறக்கிவிடும். நம் முதல் கணக்கில் அது பூஜ்யம்.

எனவே, இந்த மாதிரியைப் பயன்படுத்துவதற்கு முன் விற்பவர்கள் முதலில் எதை முடிவு செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். எவ்வளவு தோண்டுவது, எத்தனை ஆலை கட்டுவது, எத்தனை ஏக்கர் பயிரிடுவது என்பது முன்கூட்டியே முடிவாகி, பிறகு சரக்கு வந்த பின் விலை தானாக அமைகிற தொழில்களுக்குக் கூர்னோவின் கணக்கு பொருந்துகிறது. எந்த நிமிடமும் விலைப்பலகையை மாற்றலாம், எவ்வளவு கேட்டாலும் சரக்கு கொடுக்கலாம் என்ற இடத்தில் பொருந்துவதில்லை.

ஒருவர் முந்திக்கொண்டால்

கடைசியாக, பிரதியிடும் வரிசையை இன்னொரு விதமாக மாற்றிப் பார்ப்போம். செலவு இல்லாத பழைய ஊற்றுகளுக்கே திரும்பலாம். முதலாமவரின் இலாபத்தில், வகையிடுவதற்கு முன்பே, q2-க்குப் பதிலாக இரண்டாமவரின் எதிர்வினைச் சார்பான 60 − q1/2-ஐப் போட்டுவிட்டால்?

q1 × (120 − q1 − 60 + q1/2) = q1 × (60 − q1/2)

வகையிட்டால் 60 − q1 = 0, எனவே q1 = 60. இரண்டாமவர் 30. விலை 30. இலாபம் முதலாமவருக்கு 1800, இரண்டாமவருக்கு 900.

இதுவும் பிழையான கூர்னோ விடைதான், ஆனால் வேறொரு கேள்விக்குச் சரியான விடை. முதலாமவர் முன்னதாகவே அளவை அறிவித்து, இரண்டாமவர் அதைப் பார்த்த பிறகு முடிவெடுக்கும் சந்தைக்கான விடை இது. 1934-இல் ஹைன்ரிக் ஃபோன் ஸ்டாக்கல்பெர்க் என்ற ஜெர்மன் பொருளியலாளர் ஆராய்ந்த நிலைமை.

இந்த 60 முதலாமவரின் சொந்த எதிர்வினைக் கோட்டில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி 30 அனுப்பினால் அவருக்குச் சிறந்தது 45, 60 அல்ல. அதனால் இரண்டாமவர் 30 என்று முடிவு செய்த பிறகு, முதலாமவருக்கு 60-லிருந்து பின்வாங்க ஆசை வரும். அவர் பின்வாங்க முடியும் என்று இரண்டாமவருக்குத் தெரிந்தால் 60 என்ற அறிவிப்பை நம்பவே மாட்டார், 30-க்கு இறங்கவும் மாட்டார். 60 பாட்டில்களும் ஏற்கெனவே நிரப்பப்பட்டு, வண்டியில் ஏறி, சந்தையை நோக்கிக் கிளம்பிவிட்டிருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும். வண்டி கிளம்பாதவரை இருவரும் மறுபடி 40, 40-க்கே வந்து சேர்வார்கள்.